சோணையம்மாள் பிடித்த கயிறு

எங்கள் அக்கா சோணையம்மாளைக் கல்நெஞ்சுக்காரி என்று போடி கடைவீதியில் பேசியவர்கள் உண்டு. பேசின வாயில் வேப்பெண்ணெயை ஊற்ற வேண்டும். அன்றைக்கு அவளுக்குப் பக்கத்தில் நின்றவள் நான். அவள் உடம்பு நடுங்கிய நடுக்கம் என் முதுகில் தெரிந்தது. தூரத்தில் நின்று வேடிக்கை பார்த்தவர்களுக்கு அது எப்படித் தெரியும்?

அக்கா ஓடைப்பட்டியில் பிறந்து, களை எடுத்து, கதிர் அறுத்து வளர்ந்தவள். அவளை ஒச்சாண்டி மச்சானுக்குக் கட்டிக் கொடுத்தார்கள். மச்சானுக்குத் தொழில் பழைய கட்டடம் பிரிப்பது. கட்டுகிறவனுக்கு மாலை மரியாதை உண்டு, வேட்டி துண்டு உண்டு. பிரிக்கிறவனை வீட்டுக்காரன் வாசலில் நிற்க வைத்தே பேசி அனுப்பிவிடுவான். போதாக்குறைக்கு மச்சானுக்குப் 'பயந்தாங்கொள்ளி' என்று பட்டப்பெயர் வேறு. கூடலூரில் ஒரு பழைய சாவடியைப் பிரிக்கும்போது அவர் கூடப் பிறந்த அண்ணன் மேல் சுவர் விழுந்து, அவர் கண் முன்னாலேயே உயிர் போயிற்று. அதற்குப் பிறகு மச்சான் எந்தச் சுவரையும் நம்பியதில்லை. ஒரு கட்டடத்தைப் பேசி முடித்தால் அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்காது. அவர் சாப்பிடாவிட்டால் அக்காவுக்கும் இறங்காது. என் புருஷன் மில் வேலைக்குப் போனான். நான் அக்காவோடு தண்ணீர் சுமக்கப் போனேன். போன இரண்டாம் மாதமே அந்தப் பயம் எனக்கும் ஒட்டிக்கொண்டது.

எமர்ஜென்சிக்கு முந்தின வருஷம் குருசாமி முதலாளி ஏலக்காய் மூட்டை அடுக்கி வைக்கும் கிட்டங்கியைப் பிரிக்க மச்சான் ஒத்துக்கொண்டார். கடைவீதியை ஒட்டி நின்ற மாடிக் கட்டடம் அது. மேலே ஓட்டுக் கூரை, நடுவில் பலகை போட்ட மச்சு, கீழே பெரிய வாசல். ஆள் நின்று கை நீட்டினால் தொட முடியாத உயரத்துக்குத் தேக்கு வாசல் நிலை. அதன் தலையில் செதுக்கிய கஜலட்சுமி. முதலாளி அந்த நிலையைத்தான் தன் புது வீட்டுக்கு வைக்கப் போகிறார் என்று ஊருக்கே தெரியும். அவருடைய ஐயா காலத்திலிருந்து லட்சுமி அந்த வாசல் வழியாகத்தான் உள்ளே வந்தாளாம். வரட்டும், எங்களுக்கு என்ன!

எடுத்த எடுப்பில் மச்சான் ஒரு செங்கலைக்கூடத் தொடவில்லை. பல நாள் அந்தக் கட்டடத்துக்குள் சும்மா சுற்றிக்கொண்டிருந்தார். கடப்பாரையின் பின்முனையால் சுவரைத் தட்டிக் காது கொடுத்துக் கேட்டார். வெளியே செங்கல், உள்ளே கல்லும் களிமண்ணும் போட்டு நிரப்பிய சுவர் என்று கண்டுகொண்டார். உத்திரங்கள் சுவருக்குள் போகிற இடத்தில் கூரான ஆணியைக் குத்திப் பார்த்தார். எங்கே கரையான் தின்றிருந்ததோ அங்கே ஆணி தயிருக்குள் போவதைப் போலப் போயிற்று. கரண்டு ஆபீசில் சொல்லி வயரை அறுக்க வைத்தார். அறுத்த பிறகும் தானே போய் ஒரு தடவை பார்த்தார். கொல்லையில் மூடிய கிணறு ஏதும் இருக்கிறதா என்று தரையைக் குத்திப் பார்த்தார். பக்கத்து ஜவுளிக்கடை ஜேசுராஜ் வீட்டுக்குள் போய், கிட்டங்கி உத்திரம் அவர் சுவரில் ஏறி உட்கார்ந்திருக்கிறதா என்றும் பார்த்துவிட்டு வந்தார். நல்ல காலம், சுவர் தனித்தனி.

முன்சுவர் வாசலுக்கு இடதுபக்கம் வயிறு தள்ளிக்கொண்டு நின்றது. அங்கே ஒரு விரிசல் இருந்தது. அதன் குறுக்கே சுண்ணாம்பை அப்பிவிட்டார். சுண்ணாம்பு பிளந்தால் சுவர் நகர்கிறது என்று அர்த்தம். அக்கா தினமும் காலையில் முகம் கழுவுகிறாளோ இல்லையோ, அந்தச் சுண்ணாம்பைப் பார்ப்பாள்.

கடைசியாக நிலைக்கு மேலே ஏணி வைத்து ஏறினார். வாசலுக்கு மேலுள்ள சுவரைத் தாங்கப் போட்டிருந்த கட்டையில் ஆணியைக் குத்தினார். இறங்கும்போது முகம் வெளுத்திருந்தது.

"கட்டை முச்சூடும் கரையான். தோலு மட்டும்தான் நிக்கிது புள்ள. சுவரு கட்டை மேல நிக்கல. இந்த நெலை மேல நிக்கிது" என்றார்.

"அப்ப?" என்றாள் அக்கா.

"மேலயிருந்து ஒவ்வொரு வரிசையா எறக்கி, நெலை தலைக்குச் சுவரு வந்தப்பறந்தான் நெலையில கை வைக்கணும். அதுக்கு முந்தி எவனாச்சும் தொட்டான், அம்புட்டுத்தான்."

இதையே அவர் முதலாளியிடமும் சொன்னார். நானும் அக்காவும் அங்கேதான் நின்றோம். முதலாளி, "ஏப்பா ஒச்சாண்டி, நீ எதுக்குத்தான் பயப்படல? சரி சரி, ஒன் இஷ்டப்படி செய்யி" என்று சிரித்துவிட்டுப் போனார்.

பிறகு கயிறு கட்டினோம். சுவர் எவ்வளவு உயரமோ அதில் ஒன்றரைப் பங்கு தள்ளிக் கட்ட வேண்டும் என்பது மச்சானின் கணக்கு. கடைவீதியில் பாதியைக் கயிறு விழுங்கிவிட்டது. மலைக்குப் போகும் ஜீப்புக்காரர்கள் வாய்க்கு வந்ததைப் பேசினார்கள். கயிற்றில் சிவப்புத் துணி கிழித்துத் தொங்கவிட்டு, அக்காவைக் காவலுக்கு நிறுத்தினார். பின்பக்கச் சந்திலும் கயிறு கட்டி, கொல்லைக் கதவைச் சங்கிலி போட்டுப் பூட்டினார். பூட்டுக்கு ஒரு சாவி மச்சானிடம், ஒன்று முதலாளியிடம்.

"சோணை, கயித்துக்குள்ள எவனையும் விடாத. போலீசு வந்தாலும் விடாத. நானே உள்ள மாட்டிக்கிட்டுக் கெடந்தாலும், மிச்சச் சுவரு என்ன செய்யுதுன்னு பாக்காம ஒருத்தரையும் விடாத" என்றார்.

அக்கா அவர் வாயில் ஒரு அடி வைத்தாள். "நல்ல நாளும் பொழுதுமா பேசுற பேச்சாய்யா இது!"

வேலை நடந்தது. கடைசியாகக் கட்டினது முதலில் இறங்க வேண்டும், அதுதான் வரிசை. முதலில் ஓடு, பிறகு ஓட்டைத் தாங்கும் ரீப்பர், பிறகு ரீப்பரைத் தாங்கும் கைமரம். அப்புறம் மாடிச் சுவர். ஒருபக்கம் மட்டும் உயரமாக நிற்காதபடி நாலுபக்கமும் சமமாகக் குறைத்துக்கொண்டே வந்தார்கள். இடிந்ததை மச்சு மேல் குவிக்கக் கூடாது, மச்சு தாங்காது. தகரத்தை வளைத்துச் சரிவாகக் கட்டி, அதன் வழியாகக் கொல்லைக்குச் சறுக்கிவிட்டார்கள். மச்சைப் பிரித்து உத்திரங்களைக் கயிறு கட்டி இறக்கும் முன்னால், முன்சுவருக்கு உள்ளேயும் வெளியேயும் சவுக்குக் கம்பு முட்டுக் கொடுத்தார். உத்திரம் போய்விட்டால் சுவரைப் பிடிக்க ஆள் கிடையாது அல்லவா!

தூசிதான் எங்கள் வேலை. அந்தக் காலத்துச் சுண்ணாம்புத் தூசி மூக்கில் ஏறினால் நெஞ்சு அடைத்துக்கொள்ளும். ஜேசுராஜ் கடைப்பக்கம் நனைத்த சாக்குகளைப் படுதாவாகத் தொங்கவிட்டோம். காய்ந்தால் மறுபடி நனைப்போம். ஓட்டை போட்ட தகர டப்பாவில் தண்ணீர் எடுத்து, கடப்பாரை படும் இடத்தில் தெளிப்போம். தெளிக்கத்தான் வேண்டும், ஊற்றக் கூடாது. களிமண் சுவர் தண்ணீரைக் குடித்தால் கால் இளகிக் கீழே உட்கார்ந்துவிடும். நான் முதல் நாள் தெரியாமல் ஒரு குடத்தைக் கவிழ்க்கப் போக, அக்கா என் முதுகில் வைத்தாள் பாருங்கள், இப்போதும் அந்த இடம் காந்துகிறது. இவ்வளவு செய்தும் ஜேசுராஜ் விடவில்லை. "சோணையம்மா, ஒரு வெள்ளைச் சேலை கேட்டு வந்த பொம்பளைக்குச் செங்கல் கலர் சேலையைக் காட்டுறேன்மா, இது அடுக்குமா?" என்று தினமும் வந்து புலம்புவார். "அதே விலைக்குச் சாயம் போட்டதே கெடைக்கிதுல்ல, எடுத்துக்கச் சொல்லுங்கண்ணே" என்பாள் அக்கா. அவருக்கே சிரிப்பு வந்துவிடும்.

ஆனி மாதம் முடிய வந்தது. ஆடியில் யாரும் நிலை வைக்க மாட்டார்கள். புது வீட்டில் நிலை வைக்க அந்த வெள்ளிக்கிழமை காலைதான் கடைசி முகூர்த்தம் என்று ஜோசியர் சொல்லிவிட்டாராம். முதலாளி முந்தின நாளே வந்து நச்சரித்தார். முன்சுவர் இன்னும் நிலைக்கு மேலே ஆள் உயரத்துக்கு நின்றது.

"முடியாது மொதலாளி. ஆவணியில வையிங்க. தாயி எங்கயும் போயிற மாட்டா" என்றார் மச்சான்.

முதலாளி நிலையை ஒரு தடவை அண்ணாந்து பார்த்துவிட்டுப் போனார். அவர் அவ்வளவு லேசில் விட்டதுதான் எனக்குச் சரியாகப் படவில்லை. அக்காவிடம் சொன்னேன். "சும்மா இருடி" என்றாள். ஆனால் அன்று முழுவதும் அவள் கண் கட்டடத்தை விட்டு நகரவில்லை.

வெள்ளிக்கிழமை, டீ குடிக்கிற நேரம். ஆட்கள் எல்லாரும் இறங்கி, கயிற்றுக்கு வெளியே வந்து உட்கார்ந்திருந்தோம். மச்சான் கிளாசை வாயில் வைத்தார். உள்ளேயிருந்து 'டொக், டொக்' என்று கொட்டாப்புளிச் சத்தம் கேட்டது.

மரத்தின் மேல் மரம் அடிக்கிற சத்தம். எங்களுக்கு ஒரு நொடி ஒன்றும் புரியவில்லை. எங்கள் ஆட்கள் எல்லாரும் வெளியேதானே இருக்கிறோம்! அக்காதான் முதலில் பார்த்தாள். வாசலுக்கு மேலே செங்கல் இடுக்கிலிருந்து மண் பொடிப்பொடியாக உதிர்ந்துகொண்டிருந்தது.

"ஏய்யா! உள்ள ஆளு இருக்காய்யா!"

குருசாமி முதலாளி சாவி போட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து, ஆசாரி கோட்டைச்சாமியைக் கூட்டிக்கொண்டு உள்ளே வந்திருக்கிறார். சந்தில் கட்டிய கயிறு தெருவில் போகிற வருகிறவர்களுக்குத்தான், சொந்தக்காரனுக்கு இல்லை என்பது அவர் நினைப்பு. தன் கட்டடத்துக்குள் தான் போக ஒச்சாண்டியிடம் கேட்பதா? நல்ல நேரம் போய்விடக் கூடாது என்று, ஆசாரி நிலைக்கு இடைஞ்சலாக நின்ற முட்டுக் கம்பைத் தட்டி எடுத்துவிட்டு, நிலையின் பக்கத்து ஆப்புகளை அடித்துக்கொண்டிருந்தான். இதெல்லாம் பிறகு தெரிந்தது. அப்போது தெரிந்தது அந்தச் சத்தம் மட்டும்தான்.

மச்சான் ஓடினார். எந்தச் சுவருக்கும் கீழே ஒரு நிமிஷம் நிற்காத மனுஷன், வாசலைப் பார்த்து ஓடினார். அக்கா அவர் துண்டைப் பிடித்து இழுத்தாள். துண்டு மட்டும் அவள் கையில் நின்றது.

உள்ளே அவர் கத்துவது கேட்டது. "வெளிய போங்க மொதலாளி! ஏலே, போடா, பின்னாடி போடா!" யாரோ விழுந்தடித்து ஓடுகிற சத்தம். பிறகு வாசலுக்கு மேலிருந்த சுவர் விழுந்தது.

இடி மாதிரி இல்லை. ஒரு வண்டி மண்ணைக் கொட்டுவதுபோல ஒரு தடவை 'தொப்'பென்று கேட்டது. உடனே தூசி. எதிர்க் கடை தெரியவில்லை, பக்கத்தில் நிற்கிற ஆள் தெரியவில்லை. மூச்சை இழுத்தால் சுண்ணாம்பு. ஈரத் துணியை மூக்கில் கட்டிக்கொண்டு நான் மச்சான், மச்சான் என்று கத்தினேன். பதில் இல்லை. சந்துப் பக்கம் குருசாமி முதலாளியும் கோட்டைச்சாமியும் இருமிக்கொண்டு வந்து விழுந்தார்கள். மூன்றாவது ஆள் வரவில்லை.

கடைவீதி முழுக்கத் திரண்டது. ஏலக்காய் பொறுக்குகிற பெண்கள், ஜீப்புக்காரர்கள், சுமைக்காரர்கள். ஆளாளுக்கு உள்ளே பாய்ந்தார்கள். அக்கா கயிற்றை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்துக் குறுக்கே நின்றாள்.

"எவனும் உள்ள வராத! இடதுபக்கச் சுவரு நிக்கிது, அதுவும் வருது! வந்தா அத்தனை பேரும் செத்துருவீக!"

"ஒன் புருஷன்தானடி உள்ள கெடக்கான்!" என்று ஒருவன் கத்தினான்.

"எம் புருஷன்தான். எனக்குத் தெரியாதா? தள்ளிப் போங்க!"

ஜேசுராஜ் தூசி அடங்கட்டும் என்று வாளி வாளியாகத் தண்ணீர் கொண்டுவந்தார். பாவம், நல்ல எண்ணம்தான். அக்கா அவர் கையைத் தட்டிவிட்டாள். "ஊத்தாதீகண்ணே! நிக்கிற சுவரும் எளகும், விழுந்தது சேறாகி அவரை மூடிரும். ஒங்க மாடியில ஏறி எட்டிப் பாருங்க. அங்கன இருந்து தெரியும்." என்னிடம் டப்பாவைக் கொடுத்து, காற்று வருகிற பக்கம் நின்று வெறும் தூறலாகத் தெளிக்கச் சொன்னாள்.

தூசி மெல்லத் தாழ்ந்தது. வாசல் இருந்த இடத்தில் குவியல். வாசலுக்கு இடதுபக்கத்து முன்சுவர் தனியாக, பிடிமானம் இல்லாமல், வயிறு தள்ளி நின்றது. விரிசலில் அப்பியிருந்த சுண்ணாம்பு பிளந்து, அதன் வழியாக மண் ஒழுகிக்கொண்டிருந்தது. அக்கா அதை மட்டும்தான் பார்த்தாள். குவியலைப் பார்க்கவே இல்லை. பார்த்தால் ஓடிவிடுவோம் என்று அவளுக்குத் தெரிந்திருக்கும்.

மாடியிலிருந்து ஜேசுராஜ் அலறினார். "கர்த்தரே! கை தெரியுதும்மா! மூலையில! கை அசையுது, உசிரோட இருக்காக!"

அதைக் கேட்ட பிறகு எப்படி நிற்பது? கூட்டம் கயிற்றை முட்டியது. நானும் டப்பாவை எறிந்துவிட்டுக் கயிற்றுக்கு அடியில் நுழைந்தேன். அக்கா என் கொண்டையைப் பிடித்து இழுத்துக் கீழே தள்ளினாள். நான் அவளைத் திட்டாத திட்டு இல்லை. "நீ ஒரு பொம்பளையாடி? ஒரு நெஞ்சாடி ஒனக்கு?" என்று கேட்டேன். அவள் வாயைத் திறந்தால் அழுதுவிடுவாள்போல உதட்டைக் கடித்துக்கொண்டு, என் முதுகில் முழங்காலை ஊன்றிக்கொண்டு, கயிற்றைப் பிடித்தபடி நின்றாள். அவள் கால் வெடவெடவென்று ஆடியது. அவ்வளவு நடுக்கத்திலும் அந்தக் கால் என் மேலிருந்து நகரவில்லை.

இடதுபக்கச் சுவர் தெருவைப் பார்த்துச் சாய்ந்தது. மெதுவாகத்தான் சாய்ந்தது, தூங்கி விழுகிற ஆளைப்போல. கடைசியில் ஒரே அடியாகத் தெருவில் விழுந்தது. வெளியே கொடுத்திருந்த சவுக்கு முட்டுகள் குச்சி மாதிரி ஒடிந்தன. செங்கற்கள் உருண்டு வந்து கயிற்றுக்கு ஒரு சாண் தள்ளி நின்றன. ஒரு நிமிஷத்துக்கு முன்னால் நாங்கள் பாய்ந்து போக இருந்த இடம் முழுக்கச் செங்கல். கயிற்றை முட்டிக்கொண்டு நின்ற கூட்டம் தானாகப் பின்னால் நகர்ந்தது.

அப்போதும் அக்கா கயிற்றை விடவில்லை. மிச்சமிருந்த வலதுபக்க மூலைச் சுவரை ஏற இறங்கப் பார்த்தாள். மண் ஒழுகவில்லை. ஜேசுராஜை மாடியிலிருந்து பார்க்கச் சொல்லிக் கேட்டாள். பிறகுதான், "நாலு பேரு மட்டும் வாங்க. முட்டுக் கம்பை எடுத்துக்கங்க. ஜேசுராஜண்ணன் கொல்லை வழியா போவோம்" என்றாள். கயிற்றை விட அவளால் முடியவில்லை. விரல் மடங்கினது மடங்கினபடி நின்றது. ஒவ்வொரு விரலாக நான்தான் பிரித்துவிட்டேன்.

மூலைக்கு முட்டுக் கொடுத்துவிட்டு, குவியலின் தலையிலிருந்து ஒவ்வொரு கல்லாகக் கைமாற்றி எடுத்தோம். அடியிலிருந்து ஒன்றைக்கூட இழுக்க அக்கா விடவில்லை. தேக்கு நிலை சாய்ந்து மூலைச் சுவரில் முட்டிக்கொண்டு நின்றிருந்தது. அதன் அடியில் ஒரு பொந்து. பொந்துக்குள் மச்சான். இடுப்புக்குக் கீழே மண். முகத்தில் கண்ணும் வாயும் மட்டும் தெரிந்தன. அக்கா ஈரத் துணியால் அவர் மூக்கைத் துடைத்தாள். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "பேசாதய்யா, தூசி போகும்" என்றாள்.

மலைக்கு ஆள் ஏற்றப் போன ஜீப்பைத் திருப்பி, பின்சீட்டில் கிடத்தினோம். வலதுகால் கூழாகியிருந்தது. அந்தக் காலோடு பிற்பாடு அவர் சுவர் ஏறவே இல்லை. குருசாமி முதலாளி ஜீப்புக்குப் பக்கத்தில் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். யாரும் அவரை ஏறச் சொல்லவில்லை.

ஜீப் கிளம்பியதும் அக்கா மச்சான் தலையை மடியில் வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். அதுவரை அடக்கியது எல்லாம் வந்தது.

"உள்ள கெடந்து என்னை வஞ்சிருப்ப. பொண்டாட்டி வெளியவே நின்னுட்டாளேன்னு நெனச்சிருப்ப. சொல்லிருய்யா, நெஞ்சுல வச்சுக்கிறாத" என்றாள்.

மச்சான் கண்ணைத் திறந்தார்.

"ஒன் சத்தம் கேட்டுக்கிட்டேதான் புள்ள கெடந்தேன். அந்தச் சத்தம் நின்னுரக் கூடாதுன்னுதான் பயம். நின்னா, நீ உள்ள வந்துட்டன்னு அர்த்தம்."